விசில் ஊதியது யார்?

ஒரு குடோனில் இரவு விபத்து நடக்கிறது. அங்கே காவலுக்கு இருந்தவர் மறுநாள் காலை அறிக்கை எழுதித் தர வேண்டும். அவர் ஒரு வாக்கியத்தை மூன்று விதமாக எழுதலாம். “லாரியை நிறுத்தச் சொன்னேன்.” “காவலர் லாரியை நிறுத்தச் சொன்னார்.” “லாரியை நிறுத்தும்படி சொல்லப்பட்டது.” மூன்றிலும் சொன்ன செய்தி ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் முதல் வாக்கியத்தில் சொன்னவரும் எழுதியவரும் ஒரே ஆள். இரண்டாவதில் காவலர் ஒருவர், அவரைப் பற்றி எழுதுகிறவர் வேறொருவர் போலத் தெரிகிறது. மூன்றாவதில் சொன்னவரே இல்லை. அறிக்கையைக் கையில் எடுக்கும் மேலாளரோ காப்பீட்டு அதிகாரியோ வழக்கறிஞரோ முதலில் தேடுவது இந்த ஆளைத்தான். இதைப் பார்த்தவர் யார், இதைச் செய்தவர் யார், இதைக் கேள்விப்பட்டு எழுதியவர் யார்?

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பள்ளியில் படித்த இடங்கள் தேர்வோடு முடிந்துபோனவை என்று நினைக்கிறோம். சம்பவ அறிக்கை எழுதும்போது அவை திரும்பி வருகின்றன. தமிழில் அவை வினைமுற்றின் விகுதியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ‘ஊதினேன்’ என்றால் நான். ‘ஊதினார்’ என்றால் அவர். அதனால்தான் ‘நான்’, ‘அவர்’ என்று எழுதாமலே தமிழில் வாக்கியத்தை முடித்துவிட முடிகிறது. பேச்சில் அது வசதி. அறிக்கையில் அதுவே சிக்கல். எழுதுகிறவர் அறியாமலே ஒரு பத்திக்குள் நான்கு முறை இடம் மாறிவிடுவார். வாசிப்பவர் தலையைச் சொறிவார்.

ஒரு பத்தி, எத்தனை ஆட்கள்?

இதை ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். குடோனில் சரக்கு இறக்கும் இரண்டாம் எண் மேடை. இரவு லாரி ஒன்று பின்னோக்கி வருகிறது. காவலர் டார்ச்சும் விசிலும் வைத்துக்கொண்டு டிரைவருக்குச் சைகை காட்டுகிறார். மேடைக்கும் லாரிக்கும் நடுவே லோடுமேன் ஒருவரின் கை சிக்கி நசுங்குகிறது. காவலர் எழுதித் தந்த அறிக்கை இப்படி இருக்கிறது:

“இரவு 10.20 மணியளவில் இரண்டாம் எண் மேடைக்கு லாரி பின்னோக்கி எடுக்கப்பட்டது. பணியில் இருந்த காவலர் சைகை காட்டினார். அப்போது லோடுமேன் திடீரெனக் குறுக்கே வந்துவிட்டான். உடனே விசில் ஊதினேன். லாரி நிறுத்தப்பட்டது. லோடுமேன் கையில் அடிபட்டிருந்தது. முதலுதவி செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம். நான் கவனிக்கவில்லை என்று டிரைவர் சொன்னார்.”

அலுவலகக் கோப்புகளில் இந்த நடை நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் அந்த இரவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சைகை காட்டியவர் ‘காவலர்’. விசில் ஊதியவர் ‘நான்’. அப்படியானால் மேடையில் இரண்டு பேர் இருந்தார்களா? முதலுதவி செய்த ‘நாம்’ யார் யார்? லோடுமேன் குறுக்கே வந்ததை எழுதியவர் கண்ணால் பார்த்தாரா, பிறகு ஊகித்தாரா? கடைசி வாக்கியத்தில் கவனிக்காத அந்த ‘நான்’ டிரைவரா, காவலரா?

எட்டு வாக்கியங்களில் தன்மை ஒருமை, தன்மைப் பன்மை, படர்க்கை, ஆளே இல்லாத செயப்பாட்டுவினை என்று நான்கு குரல்கள் கலந்து வருகின்றன. இது மொழிப்பிழை இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனியாகச் சரிதான். சேர்த்துப் படிக்கும்போதுதான் ஒரு மனிதர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்.

எந்த இடத்திலிருந்து எழுதுவது?

எழுதுகிறவர் சம்பவம் நடந்தபோது அங்கே இருந்தாரா என்பதுதான் இதைத் தீர்மானிக்கும் கேள்வி. இருந்தார் என்றால் தன்மையில் எழுத வேண்டும். இல்லை, பிறகு வந்து பலரிடம் விசாரித்துத் தொகுத்தார் என்றால் படர்க்கையில் எழுத வேண்டும். முதலாவது வாக்குமூலம், இரண்டாவது விசாரணை அறிக்கை. இரண்டும் தேவை, இரண்டுக்கும் வேலை வேறு.

விமானத் துறையில் இந்தப் பிரிவினையைத் தெளிவாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்திவரும் விமானப் பாதுகாப்புத் தகவல் அமைப்புக்கு விமானிகளும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். அந்த விவரிப்புகள் தன்மையில்தான் இருக்கும். ‘நான் எச்சரிக்கை விளக்கைப் பார்த்தேன், வேறொன்று என்று நினைத்துவிட்டேன்’ என்ற வகையில் போகும். எழுதியவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டாலும் அந்த ‘நான்’ நீக்கப்படுவதில்லை. காரணம், அந்த நேரத்தில் ஒரு மனிதருக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பதைத்தான் அந்த அமைப்பு சேகரிக்கிறது.

பெரிய விபத்து நடந்தால் நிலைமை வேறு. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பு விதிகளின்படி நாடுகள் வெளியிடும் இறுதி அறிக்கை படர்க்கையில் இருக்கும். நடந்த உண்மைகள், ஆய்வு, முடிவுகள், பரிந்துரைகள் என்று அது பகுதி பகுதியாகப் பிரியும். எழுதிய விசாரணையாளர் விமானத்தில் இல்லை. ஆகவே ‘நான்’ என்று சொல்ல அவருக்கு எதுவும் இல்லை. கருவிப் பதிவுகளையும் சாட்சிகளையும் சேர்த்து யாரிடமிருந்து எது வந்தது என்று சொல்வதுதான் அவர் வேலை.

நம் குடோனிலும் இதே இரண்டு தாள்கள் வேண்டும். காவலர் எழுதுவது ஒன்று. மறுநாள் எல்லோரையும் கேட்டு சூப்பர்வைசர் எழுதுவது இன்னொன்று. காவலர் சூப்பர்வைசரின் குரலில் எழுத முயலும்போதுதான் மேலே பார்த்த பத்தி பிறக்கிறது.

‘காவலர்’ என்று தன்னையே எழுதுவது ஏன்?

பெரும்பாலானோர் மரியாதைக்காகவும் நடுநிலைக்காகவும் அப்படி எழுதுகிறார்கள். ‘நான்’ என்று எழுதினால் தன்னை முன்னிறுத்துவது போலவும், ‘காவலர்’ என்று எழுதினால் விலகி நின்று பார்ப்பது போலவும் ஓர் எண்ணம். இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. அமெரிக்கக் காவல் துறையில் நெடுங்காலம் அதிகாரிகள் தங்களை ‘இந்த அதிகாரி’ என்றே எழுதிவந்தார்கள். ‘இந்த அதிகாரி கதவைத் தட்டினார், அதிகாரி உள்ளே நுழைந்தார்’ என்று போகும் அறிக்கையில் ஒரே வீட்டுக்குள் மூன்று அதிகாரிகள் சென்றிருந்தால் எந்த அதிகாரி எதைச் செய்தார் என்பது புரியாது. அதனால் இன்று அங்கே அறிக்கை எழுதக் கற்றுத்தரும் நூல்கள் பலவும் ‘நான்’ என்றே எழுதச் சொல்கின்றன. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இதே திருப்பம் நடந்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துக் கையேடு, ஆசிரியர் தான் செய்த சோதனையைச் சொல்லும்போது தன்னை ‘ஆசிரியர்’ என்று படர்க்கையில் குறிக்க வேண்டாம் என்கிறது.

தமிழில் ‘நான்’ என்று எழுதுவது அலுவல் மரபுக்கு மாறானது என்று நினைப்பதும் சரியில்லை. காவல் நிலையத்தில் தரும் புகார் மனு ‘நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்’ என்றுதான் தொடங்குகிறது. நீதிமன்றத்தில் பதிவாகும் சாட்சியமும் சாட்சியின் ‘நான்’ மூலமாகவே நகர்கிறது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் அது தொடர்கிறது. கண்டதைப் பற்றிப் பேசினால் கண்டவர் பேச வேண்டும், கேட்டதைப் பற்றிப் பேசினால் கேட்டவர் பேச வேண்டும். தன்மையில் எழுதிய அறிக்கை அந்த விதிக்கு இயல்பாகவே பொருந்தும். நாளைக்குக் காவலரைக் கூண்டில் நிறுத்தி ‘இதை நீங்கள் பார்த்தீர்களா’ என்று கேட்டால், ‘பார்த்தேன்’ என்று எழுதியிருப்பதையே அவர் சொல்லலாம்.

‘நான்’ வரும்போது உண்மையும் வருகிறது

தன்மையின் பெரிய பயன் வேறு. அது எழுதுகிறவரை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்துகிறது. காவலரின் அறிக்கையைத் தன்மையிலேயே முழுதும் எழுதிப் பார்த்தால் இது புரியும்:

“நான் நேற்று இரவு இரண்டாம் எண் மேடையில் காவல் பணியில் இருந்தேன். 10.20 மணியளவில் லாரி மேடையை நோக்கிப் பின்னால் வரத் தொடங்கியது. நான் லாரியின் வலப்பக்கம், டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று டார்ச்சால் சைகை காட்டினேன். நான் நின்ற இடத்திலிருந்து லாரியின் இடப்பக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்து விளக்கு எரியவில்லை. இடப்பக்கத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. நான் விசில் ஊதினேன். டிரைவர் லாரியை நிறுத்தினார். நான் சுற்றிப்போய்ப் பார்த்தபோது லோடுமேன் இடக்கையைப் பிடித்துக்கொண்டு மேடையருகே உட்கார்ந்திருந்தார். அவர் எப்போது அங்கே வந்தார் என்பதை நான் பார்க்கவில்லை. நான் அவர் கையில் துணியைச் சுற்றினேன். டிரைவர் 108-க்குப் போன் செய்தார். டிரைவர் என்னிடம், ‘நான் கவனிக்கலை’ என்றார்.”

முதல் பத்தியில் இல்லாத ஓர் உண்மை இதில் இருக்கிறது. சைகை காட்டியவருக்கு லாரியின் இடப்பக்கம் தெரியவில்லை. இந்த விபத்தின் காரணத்துக்கு மிக அருகில் இருக்கும் செய்தி இதுதான். ‘காவலர் சைகை காட்டினார்’ என்று எழுதியபோது அது வரவில்லை. படர்க்கையில் காவலரை வெளியிலிருந்து பார்க்கிறோம். அவர் கண்ணுக்கு எது தெரிந்தது என்ற கேள்வி எழுவதில்லை. ‘நான் நின்று சைகை காட்டினேன்’ என்று எழுதிய கை, ‘எங்கே நின்றேன்’ என்று அடுத்ததாகக் கேட்டுக்கொள்கிறது.

லோடுமேன் ‘திடீரெனக் குறுக்கே வந்துவிட்டான்’ என்ற வாக்கியம் என்ன ஆனது என்பதையும் பாருங்கள். காவலர் அதைப் பார்க்கவில்லை. அலறல் கேட்டது, போய்ப் பார்த்தார், லோடுமேன் அங்கே இருந்தார். குறுக்கே வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். படர்க்கையில் ஊகமும் காட்சியும் ஒரே மாதிரி ஒலிக்கும். ‘நான் பார்த்தேன்’ என்று முன்னால் போட்டு எழுத வேண்டி வந்தால் ஊகம் நின்றுவிடும். மருத்துவமனைச் செவிலியர்களுக்கு இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். நோயாளி விழுவதைப் பார்க்காதவர் ‘நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தார்’ என்று எழுதக் கூடாது. ‘நோயாளி தரையில் கிடப்பதைப் பார்த்தேன்’ என்றுதான் எழுத வேண்டும்.

ஆளை மறைக்கும் ‘பட்டது’, கூட்டத்தில் கரையும் ‘தோம்’

தன்மையில் தொடங்கிய அறிக்கை வழியில் தடம் மாறும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று செயப்பாட்டுவினை. ‘லாரி நிறுத்தப்பட்டது’, ‘தகவல் தெரிவிக்கப்பட்டது’, ‘முதலுதவி அளிக்கப்பட்டது’ என்று எழுதும்போது வேலை நடந்ததாகத் தெரியும், செய்த கை தெரியாது. 10.20-க்கு விபத்து, ஆம்புலன்ஸ் வந்தது 11 மணிக்கு என்றால், ‘தகவல் தெரிவிக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. யார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். செய்தவர் யாரென்று உண்மையாகவே தெரியாதபோது ‘பட்டது’ பொருத்தமான வடிவம். கேட் உடைக்கப்பட்டிருந்தது என்று எழுதலாம். தெரிந்தும் எழுதாதபோதுதான் அது மறைப்பாகிறது.

எழுதுகிறவர் எந்த இடத்தில் ‘ஏன்’ விகுதியை விட்டு ‘பட்டது’க்குத் தாவுகிறார் என்று கவனித்தால் பெரும்பாலும் அது அவருக்குச் சங்கடமான இடமாக இருக்கும். ‘ரோந்து சென்றேன், கேட்டைப் பூட்டினேன், பதிவேட்டில் எழுதினேன்’ என்று வந்துகொண்டிருந்த அறிக்கையில் திடீரென்று ‘விளக்கு சரிபார்க்கப்படவில்லை’ என்று வந்தால், அந்த வேலை யாருடையது என்று வாசிப்பவர் உடனே கேட்பார். பழகிய விசாரணையாளர்கள் இந்தத் தாவலையே குறித்துவைத்துக் கேள்வியைத் தொடங்குவார்கள். ஆகவே குரலை மாற்றாமல் எழுதுவது எழுதுகிறவருக்கே பாதுகாப்பு. ‘விளக்கை நான் சரிபார்க்கவில்லை; அது என் பணிப் பட்டியலில் இல்லை’ என்று நேராக எழுதினால் விளக்கமும் கூடவே வந்துவிடும்.

மற்றது ‘நாங்கள்’. ‘முதலுதவி செய்து அனுப்பிவைத்தோம்’ என்பதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கியது உண்மை என்றால் ‘நானும் டிரைவரும் அவரைத் தூக்கி மேடையில் உட்கார வைத்தோம்’ என்று பெயர் சொல்லிப் பன்மை எழுதலாம். பெயர் சொல்லாத பன்மையைப் பிரித்து, நான் செய்தது இது, அவர் செய்தது அது என்று எழுத வேண்டும்.

பிறர் பேச்சுக்குள் வரும் ‘நான்’

தன்மையில் எழுதும் தமிழ் அறிக்கையில் மிகவும் ஆபத்தான இடம் இதுதான். “நான் கவனிக்கவில்லை என்று டிரைவர் சொன்னார்.” அறிக்கை முழுதும் ‘நான்’ என்றால் காவலர். இந்த வாக்கியத்தில் மட்டும் அது டிரைவராக இருக்கலாம். டிரைவர் தன் தவற்றை ஒப்புக்கொள்கிறாரா, காவலர்மீது குற்றம் சொல்கிறாரா? இரண்டும் நேரெதிர். காவலர் மனதில் ஒன்றுதான் இருந்திருக்கும்; தாளில் இரண்டும் இருக்கின்றன.

தீர்வு எளிது. பிறர் சொன்ன சொற்கள் முக்கியம் என்றால் மேற்கோள்குறிக்குள் அவர் சொன்னபடியே எழுத வேண்டும், பேச்சுத்தமிழிலேயே. “டிரைவர் என்னிடம், ‘நான் கவனிக்கலை’ என்றார்” என்று எழுதிவிட்டால் அந்த ‘நான்’ டிரைவரின் வாய்க்குள் பத்திரமாக இருக்கும். டிரைவர் காவலரைக் குறை சொல்லியிருந்தால், “டிரைவர் என்னிடம், ‘நீ கவனிக்கலை’ என்றார்” என்றிருக்கும். சொற்கள் சரியாக நினைவில்லை என்றால் மேற்கோள்குறி போடாமல், “டிரைவர், தான் கவனிக்கவில்லை என்று சொன்னார்” என எழுதலாம்.

அயற்கூற்றாக மாற்றும்போது இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ‘ஊதினேன், ஊதினார்’ என்பவை ‘ஊதியதாக’ என்று மாறும்போது விகுதி உதிர்ந்துவிடுகிறது. “விசில் ஊதியதாக டிரைவர் கூறினார்” என்பதில் ஊதியவர் யார்? டிரைவர் தாமே ஊதினாரா, காவலர் ஊதினார் என்று சாட்சி சொல்கிறாரா? ‘தாக’ வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆள் பெயரையோ ‘தான்’ என்பதையோ எழுதியே ஆக வேண்டும். “காவலர் விசில் ஊதியதாக டிரைவர் கூறினார்” என்றால் குழப்பமே இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயமாக முடியும் என்பதை 2025-இல் உலகமே பார்த்தது. ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து நொறுங்கியது. ஒரு மாதத்தில் வெளிவந்த முதற்கட்ட அறிக்கையில் விமானி அறைக் குரல்பதிவு பற்றிப் படர்க்கையில், அயற்கூற்றாகச் சில வரிகள் இருந்தன. எரிபொருளை ஏன் துண்டித்தாய் என்று ஒரு விமானி மற்றவரிடம் கேட்டதாகவும், தான் அப்படிச் செய்யவில்லை என்று மற்றவர் பதில் சொன்னதாகவும் அது தெரிவித்தது. கேட்டவர் எவர், பதில் சொன்னவர் எவர் என்பது அதில் இல்லை; அவர்கள் பேசிய சொற்களும் அப்படியே தரப்படவில்லை. முதற்கட்ட அறிக்கை அடையாளத்தைச் சொல்லாமல் விடலாம். அது விசாரணையாளர்களின் முடிவு. ஆனால் ‘ஒருவர்’, ‘மற்றவர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் உலகெங்கும் ஊகங்கள் நிரம்பின. இறந்துபோன இருவரின் பெயர்களும் மாறி மாறி அதில் பொருத்தப்பட்டன. படர்க்கையில் பேச்சைத் தொகுத்தால் எது கழன்றுபோகிறது என்பதற்கு இதைவிட வலுவான உதாரணம் தேவையில்லை.

சூப்பர்வைசர் எழுதும்போது

இப்போது இரண்டாவது தாளுக்கு வருவோம். சூப்பர்வைசர் இரவில் அங்கே இல்லை. அவர் எழுதுவது படர்க்கையில் இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு செய்திக்கும் அது யாரிடமிருந்து வந்தது என்ற முகவரி தேவை:

“காவலர், தான் நின்ற இடத்திலிருந்து லாரியின் இடப்பக்கம் தெரியவில்லை என்று கூறினார். லோடுமேன், பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கத் தான் இடப்பக்கம் சென்றதாகக் கூறினார். டிரைவர், காவலரின் சைகை தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால் தான் வண்டியைப் பின்னே எடுத்ததாகக் கூறினார்.”

மூன்று பேரும் பேசுகிறார்கள்; சூப்பர்வைசர் குறுக்கே வரவில்லை. ‘லோடுமேன் அவசரப்பட்டார்’ என்றோ ‘டிரைவர் பதறிப்போனார்’ என்றோ அவர் எழுதக் கூடாது. பிறர் மனத்துக்குள் புகுந்து எழுதும் உரிமை கதாசிரியருக்கு உண்டு, விசாரணை எழுதுகிறவருக்கு இல்லை. ‘பதறிப்போனதாக டிரைவரே கூறினார்’ என்றால் அது செய்தி.

படர்க்கையில் தமிழுக்கே உரிய இன்னொரு பொறுப்பு மரியாதை விகுதி. காவலரின் முதல் பத்தியில் லோடுமேன் ‘வந்துவிட்டான்’, டிரைவர் ‘சொன்னார்’. சம்பளத்தில் கீழே இருப்பவருக்கு ‘ஆன்’, மேலே இருப்பவருக்கு ‘ஆர்’ என்று எழுதினால், யார்மீது பழி விழப்போகிறது என்பதை விகுதியே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அடிபட்டவருக்கும் அடித்ததாகச் சொல்லப்படுபவருக்கும், முதலாளிக்கும் சுமை தூக்குகிறவருக்கும் ஒரே ‘ஆர்’ வேண்டும். தொடக்கம் முதல் கடைசிவரை அது மாறக் கூடாது. அதே போல, ஆளைக் குறிக்கும் சொல்லும் மாறக் கூடாது. ஒரு வரியில் ‘லோடுமேன்’, அடுத்ததில் ‘மேற்படி நபர்’, பிறகு ‘பாதிக்கப்பட்டவர்’, அப்புறம் ‘தொழிலாளி’ என்று எழுதினால் நான்கு பேர் போலாகும். முதலில் பெயரையும் பணியையும் எழுதிவிட்டு, பிறகு அந்த ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதலாம். கட்டுரையில் அது சலிப்பு தரும். அறிக்கையில் அதுதான் தெளிவு.

எழுதுகிறவரே உள்ளே வந்துவிட்டால்

விசாரணையில் சூப்பர்வைசர் காவல் பதிவேட்டைப் புரட்டுகிறார். இரண்டாம் எண் மேடையின் இடப்பக்க விளக்கு எரியவில்லை என்று மூன்று நாட்களுக்கு முன்பே காவலர் எழுதிவைத்திருக்கிறார். அதற்குக் கீழே, பார்த்ததற்கு அடையாளமாக, சூப்பர்வைசரின் கையொப்பமே இருக்கிறது.

இனி என்ன எழுதுவது? ‘பழுது குறித்துத் தகவல் தெரிவிக்கப்பட்டிருந்தது’ என்று எழுதினால் யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பது மறைந்துவிடும். ‘அதை மேற்பார்வையாளர் பார்த்துக் கையொப்பமிட்டுள்ளார்’ என்று படர்க்கையில் எழுதினால் செய்தி சரிதான். ஆனால் அந்த மேற்பார்வையாளரும் எழுதுகிறவரும் ஒருவரே என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. திடீரென்று ‘நான் கையொப்பமிட்டேன்’ என்றால் அதுவரை படர்க்கையில் வந்த அறிக்கை உடைந்து, இந்த நான் யார் என்ற பழைய கேள்விக்கே திரும்பும்.

நேர்மையான வழி இரண்டு உண்டு. சம்பவத்தில் பங்கு இருப்பது தெரிந்தவுடன் விசாரணையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சூப்பர்வைசர் தன் பங்கை மட்டும் தனித் தாளில் தன்மையில் எழுதித் தரலாம். இதுதான் சிறந்தது. சிறிய நிறுவனத்தில் வேறு ஆள் இல்லை என்றால், அறிக்கையின் தலைப்பிலேயே அறிவித்துவிட வேண்டும்: “இந்த அறிக்கையில் ‘மேற்பார்வையாளர்’ என்று வருமிடமெல்லாம் இதை எழுதும் என்னைக் குறிக்கும்.” அந்த ஒரு வரிக்குப் பிறகு படர்க்கையை மாற்றாமல் எழுதிக்கொண்டே போகலாம். மறைப்பும் இல்லை, குழப்பமும் இல்லை.

ஒன்றைச் செய்யவே கூடாது. காவலரும் டிரைவரும் லோடுமேனும் தன்மையில் தந்த தாள்களை, ஒரே நடையில் இருக்கட்டும் என்று படர்க்கைக்கு மாற்றித் தட்டச்சு செய்து, அவற்றில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று காவலர் எழுதியது ‘காவலர் கவனிக்கவில்லை’ என்று மாறுவதற்கு ஒரு தட்டச்சு போதும். முதலாவது விளக்குப் பிரச்சினை. இரண்டாவது காவலரின் குற்றம். மூலத் தாள்களை அப்படியே இணைத்து, தொகுப்பைத் தனியாக எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சரிபார்ப்பு

குரல் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க நடையழகு தேவையில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வரிசையாகப் படித்தால் போதும். காவலரின் தாளில் அவர் செய்தவை எல்லாம் ‘ஏன்’ என்று முடிய வேண்டும். மற்றவர்கள் செய்தவை ‘ஆர்’. பொருள்களுக்கு நடந்தவை ‘அது’. இடையில் ‘பட்டது’ வந்தால் செய்தவர் தெரியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தெரிந்தால் பெயரை எழுத வேண்டும். ‘ஓம்’ வந்தால் யார் யார் என்று பிரிக்க வேண்டும். ‘தாக’, ‘என்று’ வரும் வாக்கியங்களில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே இருக்கும் ஆள் யார் என்பது பிறருக்கும் புரியுமா எனப் பார்க்க வேண்டும். எழுவாய் இல்லாத வாக்கியங்களில் எழுவாயைச் சேர்க்க வேண்டும். பத்து வரியில் ஏழு முறை ‘நான்’ வந்தாலும் அதில் தவறில்லை.

இந்த வேலையை எழுதுகிறவர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. பல நிறுவனங்களின் அச்சிட்ட படிவத்தில் ‘சம்பவ விவரம்’ என்று ஒரு கட்டம் மட்டுமே இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் யாருக்கும் கோப்பு நடைதான் கையில் வரும். அந்தக் கட்டத்துக்கு மேலே இரண்டு வரிகள் அச்சிட்டால் போதும். ‘சம்பவம் நடந்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா? இருந்தீர்கள் என்றால், எங்கே நின்றீர்கள், எதைப் பார்த்தீர்கள், எதைச் செய்தீர்கள் என்பதை நான் என்று எழுதுங்கள்.’ ‘இல்லை என்றால், யார் சொன்னார் என்பதை ஒவ்வொரு செய்தியோடும் எழுதுங்கள்.’ இந்த இரண்டு வரிகளை அச்சிடாத நிர்வாகம், விளக்கு எரியாத இரண்டாம் எண் மேடையைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு அடுத்த விபத்துவரை காத்திருக்க நேரும்.